துவைத்த துணியில் மிஞ்சும் வாசம்: செருக்கு ஏன் கடைசி வரை நிற்கிறது?

[திரையில்: மரத்தடிக் குடில். படுக்கையில் ஒரு பிக்கு.]

புத்தர் காலத்துக் கோசாம்பி நகரம். இலந்தைத் தோப்புல கேமகர்னு ஒரு பிக்கு நோயில படுத்திருக்கார். அதே ஊர்ல கோசிதாராமம்ங்கிற மடத்துல மூத்த பிக்குகள் சிலர் தங்கியிருக்காங்க. அவங்க தாசகர்ங்கிற பிக்குவைக் கூப்பிட்டு, "போய் உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டுட்டு வாங்க"ன்னு அனுப்பறாங்க. "வலி குறையல, கூடிக்கிட்டேதான் போகுது"ன்னு பதில் வருது.

திரும்பவும் தாசகரை அனுப்பறாங்க. இந்தத் தடவை கேள்வி வேற. "உடல், உணர்ச்சி, அடையாளம் காணல், மனப்போக்கு, அறிவு, இந்த அஞ்சுல எதையாவது 'நான்'னோ 'என்னுடையது'ன்னோ பார்க்கிறீரா?" கேமகர், "எதையும் அப்படிப் பார்க்கல"ங்கிறார்.

சாவுப் படுக்கை மாதிரி இருக்கிறவர்கிட்ட கேட்கிற கேள்வியா இதுன்னு நமக்குத் தோணும். அவங்களுக்கு அதுதான் நலம் விசாரிப்பு.

மூணாவது தடவை தாசகர் வர்றார். "அப்படின்னா நீர் அரகந்தர் ஆயிட்டீர். கடைசிப் படியைத் தாண்டிட்டீர்." கேமகர் அதை ஒத்துக்கல. "இல்ல. இந்த அஞ்சுல எதையும் நான்னு நினைக்கல. ஆனா 'இருக்கேன்'ங்கிற ஒண்ணு இன்னும் போகல."

நாலாவது தடவையும் ஆள் வருது. "அந்த 'இருக்கேன்' எது? உடம்பா? உடம்புக்கு வெளியில இருக்கிறதா?" கேமகருக்குப் போதும்னு ஆயிடுச்சு. "தாசகரே, நீர் எத்தனை தடவைதான் ஓடுவீர்? என் கைத்தடியை எடும்"னு சொல்லி, நோயோட எழுந்து, தடியை ஊன்றிக்கிட்டு அவங்க இருக்கிற இடத்துக்கே போறார்.

[திரையில்: தாமரை. இதழ், தண்டு, மகரந்தம் தனித்தனியாக.]

அங்க போய் அவர் சொன்ன முதல் உவமை தாமரை. அதோட வாசம் இதழோடதா, தண்டோடதா, மகரந்தத்தோடதா? எந்த ஒண்ணையும் காட்டி இதோடதுன்னு சொல்ல முடியாது. பூவோட வாசம்னுதான் சொல்லணும். 'இருக்கேன்'ங்கிறதும் அப்படித்தான்.

ரெண்டாவது உவமைக்காகத்தான் இந்தக் கதையையே எடுத்தேன். அழுக்குத் துணியை வண்ணார்கிட்ட போடறாங்க. அவர் உவர்மண், காரநீர், சாணம் எல்லாம் போட்டுத் தேய்ச்சு, நல்ல தண்ணியில அலசித் தர்றார். துணி வெளுத்திடுச்சு. ஆனா முகர்ந்து பார்த்தா உவர்மண் வாசமும் சாண வாசமும் லேசா இருக்கு. அதை வாசனைப் பெட்டியில வைச்சு எடுத்தாதான் அதுவும் போகும்.

கொஞ்சம் நின்னு பாருங்க. மிஞ்சின வாசம் பழைய அழுக்கோடது இல்ல. அழுக்கை எடுக்கப் போட்ட பொருளோடது. செருக்கு ஏன் கடைசியில நிக்குதுங்கிற கேள்விக்கு எனக்குக் கிடைச்சதுலயே நேரான பதில் இதுதான். பேராசையைத் தானத்தாலயும், கோபத்தைப் பொறுமையாலயும் தேய்க்கிறோம். தேய்ச்சு முடிஞ்சதும் துணியில தானத்தோட வாசம் இருக்கு, பொறுமையோட வாசம் இருக்கு. 'நான் எவ்வளவு பொறுமையா இருந்தேன் தெரியுமா'ங்கிறது கோபத்தோட மிச்சம் இல்ல, பொறுமையோட மிச்சம்.

[திரையில்: பத்துக் கண்ணிகள் கொண்ட சங்கிலி. எட்டாவது கண்ணி ஒளிர்கிறது.]

பௌத்த மரபுல மனுசனைக் கட்டிப்போடற தளைகள் பத்துன்னு ஒரு கணக்கு இருக்கு. நிலையான ஆன்மா ஒண்ணு இருக்குங்கிற கருத்து முதல் தளை. அது முதல் படியிலயே அறுந்துடும். காமமும் வெறுப்பும் அஞ்சாவது தளை வரைக்கும் வர்றப்ப போயிடும். செருக்கு எட்டாவது. அரகந்தர் ஆனாதான் அது அறும். அதாவது, 'நான்'ங்கிறது வெறும் எண்ணம்னு புரிஞ்சவருக்கும், காமம் போனவருக்கும், கோபம் போனவருக்கும் இது இருக்கும். புரியறது வேற, வாசம் போறது வேற.

அந்த எட்டாவது தளைக்குப் பாலியில பேரு 'மானம்'. நம்ம தன்மானம் இல்ல இது, செருக்கு. அதுல மூணு வகை சொல்றாங்க. அவரைவிட நான் மேல், அவருக்கு நான் சமம், அவரைவிட நான் கீழ். மூணாவதைப் பார்த்ததும் பலரும் திகைப்பாங்க. 'நான் ஒண்ணுமே இல்லீங்க, ரொம்பச் சின்னவன்'ங்கிறதும் அந்தக் கணக்குல செருக்குதான். தராசுல எந்தத் தட்டு இறங்குதுங்கிறது அங்க பிரச்சினை இல்ல. தராசைக் கீழ வைக்காம கையிலயே பிடிச்சுக்கிட்டு இருக்கிறதுதான் நோய்.

[திரையில்: எகிப்தியப் பாலைவனம், குகை வாசல்.]

இப்ப வேற ஊர், வேற சமயம். 4ஆம் நூற்றாண்டுல எகிப்துப் பாலைவனத்துல கிறிஸ்தவத் துறவிகள் தனியாப் போய் உட்கார்ந்தாங்க. அவங்கள்ல எவாக்ரியஸ்னு ஒருத்தர் மனசைத் தாக்கற எட்டு எண்ணங்களைப் பட்டியல் போட்டார். பெருந்தீனி முதல்ல வருது. கடைசி ரெண்டு, பேர் வாங்கற ஆசையும் செருக்கும். அவர் சொல்ற ஒரு காட்சி இது. புகழாசைப் பேயைக் கிட்டத்தட்ட மத்த எல்லாப் பேய்களும் துரத்திக்கிட்டு வருது. துரத்தினதெல்லாம் துறவிகிட்ட தோத்து விழுந்ததும், இது வெட்கமே இல்லாமப் பக்கத்துல வந்து, அவரோட நற்குணங்களை நீளமா வாசிச்சுக் காட்டுதாம். வெற்றிதான் அதுக்கு நுழைவாசல்.

7ஆம் நூற்றாண்டுல சீனாய் மலையில இருந்த யோவான் கிளிமாக்குஸ் இதையே இன்னும் நறுக்குன்னு சொன்னார். விரதம் இருந்தா அதுல பெருமை. யாருக்கும் தெரியக்கூடாதுன்னு விரதத்தை விட்டா, 'நான் எவ்வளவு விவரமானவன்'னு அதுல பெருமை. நல்ல துணி கட்டினாலும் பெருமை, கந்தல் கட்டினாலும் பெருமை. பேசினாலும் தோல்வி, பேசாம இருந்தாலும் தோல்வி. எப்படிப் போட்டாலும் ஒரு முள் மேல பார்த்து நிக்குதுங்கிறார். நமக்கு நெருஞ்சி முள்ளைத் தெரியும், அதனால இந்த உவமைக்கு உரை வேண்டாம்.

[திரையில்: அவை. வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள்.]

அப்ப ஒருத்தர் தன்கிட்ட இது இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதுல ரொம்பக் கறாரா இருந்தவர் இமாம் கஸ்ஸாலி. 1111ல காலமானார். முதல்ல அவர் பிரிச்சுக் காட்டறார். பெருமையடிக்க இன்னொரு ஆள் வேணும், யாரையாவது கீழ வைக்கணும் இல்லையா? தன்னைத்தானே வியந்துக்க அதுவும் வேண்டாம். உலகத்துல ஒரே ஒரு மனுசன்தான் படைக்கப்பட்டான்னு வைச்சுக்கிட்டாலும், அவனால தன்னை வியந்துக்க முடியும். தனியாப் போய் உட்கார்ந்தா செருக்கு போயிடும்னு நினைக்கிறவங்களுக்கு இது மோசமான செய்தி.

அப்புறம் சோதனைகள் சொல்றார். ஒண்ணு, வாதம். உங்களுக்குச் சமமான ஒருத்தரோட வாதம் பண்றீங்க. உண்மை அவர் வாயிலிருந்து வந்துடுது. அந்த நொடியில உள்ள ஏதாவது கனக்குதா? 'நீங்க சொல்றதுதான் சரி, எனக்கு இது தோணல, நன்றி'ன்னு வாய் சுலபமா சொல்லுதா? ஒத்துக்கிட்டதால மட்டும் தேறிட முடியாது. நாலு பேர் இருக்கிறப்ப ஒத்துக்கறது கனத்து, தனியா இருக்கிறப்ப கனக்கலைன்னா, அங்க இருக்கிறது வேற நோய். அதுக்குப் பேரு முகத்துதி, மத்தவங்க பார்க்கணும்னு செய்யறது.

இன்னொண்ணு, அவை. சமமானவங்களை முன்னால உட்கார வைச்சுட்டு நீங்க பின்னால உட்காருங்க, மனசு எப்படி இருக்குன்னு பாருங்கங்கிறார். இங்கதான் ஒரு எச்சரிக்கையும் வைக்கிறார். சிலர் நேராப் போய்ச் செருப்பு விடற இடத்துல உட்கார்ந்துக்குவாங்க. அது பணிவு இல்ல, அதுவும் பெருமைதான். 'எனக்குரிய இடத்தை நானா விட்டுக்கொடுத்தேன்'னு எல்லாருக்கும் தெரியற மாதிரி ஒரு இடம் அது. சமமானவங்க பக்கத்துல சாதாரணமா உட்காரறதுதான் கஷ்டம், அங்க உங்களை யாரும் கவனிக்க மாட்டாங்க.

[திரையில்: முழு இருட்டு. பிறகு மெல்ல ஒரு குறள் எழுத்து.]

நம்ம சைவ சித்தாந்தம் இதை இன்னும் ஆழத்துக்குக் கொண்டுபோகுது. தினசரிப் பேச்சுல ஆணவம்னா திமிர். சித்தாந்தத்துல ஆணவம் உயிரோட ஒட்டியே இருக்கிற மலம், அதாவது அழுக்கு, நெல்லுக்கு உமி மாதிரி, செம்புக்குக் களிம்பு மாதிரி. திமிர் அதோட ஒரு வெளிப்பாடு மட்டும்தான். 14ஆம் நூற்றாண்டுல உமாபதி சிவம் திருவருட்பயன்ல சொல்றார்:

"ஒருபொருளும் காட்டாது இருள்உருவம் காட்டும்
இருபொருளும் காட்டாது இது."

இருட்டு எந்தப் பொருளையும் காட்டாது. ஆனா 'இங்க இருட்டா இருக்கு'ன்னாவது தெரியும், அது தன்னைக் காட்டிக்கும். ஆணவம் பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. 'நுண்ணிய தடை'ன்னு எல்லா மரபும் சொல்றதுக்கு இந்த ரெண்டு அடியைவிடத் தெளிவான விளக்கம் நான் பார்த்ததில்ல. கண்ணுல பட்ட குறையோட சண்டை போடலாம். பார்க்கிற கண்ணுலயே படிஞ்சதோட எப்படிச் சண்டை போடறது?

அதனாலதான் மருந்துன்னு வர்றப்ப மரபுகள் பிரியுது. எல்லாம் ஒண்ணுதான்னு இதை வழவழன்னு சேர்க்கக்கூடாது. சித்தாந்தத்துல, களிம்பு துலக்கறதால மட்டும் போகாது, ரசகுளிகைங்கிற ரசவாத மருந்து படணும். அதாவது அருள் வேணும். அப்பவும் ஆணவம் அழியறதில்ல, அதோட சக்திதான் அடங்குது. பாலைவனத் துறவியும் கிருபைன்னுதான் சொல்வார். பௌத்தத்துல கொடுக்கிற ஆளே இல்ல. கேமகர் சொன்ன வாசனைப் பெட்டி ஒரு பார்வை: உடம்பு இப்படித் தோணுது, இப்படி மறையுது, உணர்ச்சி இப்படித் தோணுது, இப்படி மறையுதுன்னு அஞ்சையும் விடாமப் பார்த்துக்கிட்டே இருக்கிறது. செருக்கை நேராப் பிடிக்கிற வேலை அதுல கிடையாது. பிடிச்சா, பிடிச்சவனுக்குப் பெருமை வந்துடும்.

ஒரு விசயத்துல மட்டும் எல்லாரும் ஒத்துப் போறாங்க. நானே இதை ஜெயிச்சுட்டேன்னு சொல்றதுக்கு யாருக்கும் வாக்கியம் கிடையாது.

[திரையில்: கோசிதாராமம். தடியோடு நிற்கும் கேமகர், சுற்றி மூத்த பிக்குகள்.]

கேமகர் பேசி முடிச்சதும் அந்த மூத்தவங்க சொன்னாங்க: "உம்மைத் தொந்தரவு பண்ணணும்னு நாங்க கேட்கல. விளக்கமாச் சொல்ல உம்மால முடியும்னு தெரியும், அதான் கேட்டோம்." அந்தப் பேச்சைக் கேட்ட 60 பிக்குகளுக்கு அங்கேயே மனசு விடுதலை ஆச்சுன்னு அந்தக் கதை முடியுது. அந்தக் கடைசி வரியில இன்னொரு பேரும் இருக்கு. பேசின கேமகருக்கும்தான். 'அரகந்தர் ஆயிட்டீர்'னு பெரியவங்களே பட்டம் கொடுத்தப்ப, 'இல்ல, இன்னும் வாசம் இருக்கு'ன்னு சொல்லத் தடியை ஊன்றிக்கிட்டு வந்தாரே, அவருக்கும்.