டாக்டர் பேரு போட்டிருந்தா நம்பலாமா? சுடுதண்ணி தேங்காய் ஃபார்வர்டு

கேள்வி: "அண்ணா, சுடுதண்ணில தேங்காய் போட்டு குடிச்சா கேன்சர் குணமாகும்னு குடும்ப குரூப்ல வந்துச்சு. மும்பை டாடா மெமோரியல் டாக்டர் பேரே இருக்கு. அம்மா தினமும் குடிக்கிறாங்க. இது உண்மையா பொய்யான்னு மெசேஜை வச்சே எப்படி கண்டுபிடிக்கிறது?"

முதல்ல அம்மாவுக்கு ஒண்ணு சொல்லிடறேன், ரெண்டு துண்டு தேங்காய் போட்ட தண்ணி குடிக்கிறதால சாதாரணமா உடம்புக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா அதை நம்பி எந்த மாத்திரையையும் செக்கப்பையும் தள்ளிப்போடக் கூடாது. எனக்கு இதுல ரொம்ப பயமே அதுதான், எங்க சொந்தத்துலயே ஒரு அத்தை மார்புல கட்டின்னு தெரிஞ்சும் இந்த மாதிரி ஒரு ஃபார்வர்டை நம்பி நாலு மாசம் டாக்டர்கிட்ட போகாம இருந்துட்டாங்க.

இப்ப அந்த மெசேஜை எடுத்து பொறுமையா படிங்க. கடைசியில என்ன இருக்கு? இது கிடைக்கிற ஒவ்வொருத்தரும் 10 பேருக்கு அனுப்பினா ஒரு உயிராவது பிழைக்கும்னு இருக்கும். அந்த இடத்துலயே நில்லுங்க. ஒரு மருந்து வேலை செய்யுதுன்னா அதை யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் குடுக்கணும்னு டாக்டர் சொல்வாரு, எத்தனை பேருக்கு அனுப்பணும்னு சொல்ல மாட்டாரு. அனுப்பலைன்னா யாரோ சாவாங்கங்கற குற்ற உணர்ச்சியை நம்ம மேல ஏத்தி, யோசிக்கிறதுக்கு முன்னாடியே கைவிரலை அந்த பட்டனுக்கு கொண்டுபோறதுக்குத்தான் அந்த வரி.

அடுத்து வார்த்தைங்க. "எல்லா வகை கேன்சருக்கும்"னு இருக்கும், "கெட்ட செல்லை மட்டும் அழிக்கும், நல்ல செல்லைத் தொடாது"னு இருக்கும். கேன்சர்ங்கறது ஒரே நோய் இல்லங்க, ரத்தத்துல வர்றதுக்கும் மார்புல வர்றதுக்கும் மருந்தே வேற வேற, அதனால ஒரே கப்பு தண்ணி எல்லாத்துக்கும்னு சொன்னாலே சந்தேகப்படணும். "மருத்துவத்துறையின் சமீபத்திய முன்னேற்றம்"னு ஒரு வரி, சமீபம்னா எப்போ? தேதியே இல்ல, அதனாலதான் அந்த மெசேஜ் எந்த வருஷம் வந்தாலும் புதுசாவே இருக்கு. அப்புறம் அந்த தண்ணி காரத்தண்ணியா, அதாவது அமிலத்துக்கு நேர் எதிரான தன்மையுள்ள தண்ணியா மாறும்னு வேற இருக்கும், நம்ம ரத்தம் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம்னு காட்டற பிஎச் அளவை 7.35லருந்து 7.45க்குள்ள நுரையீரலும் கிட்னியும்தான் பாத்துக்குது, நாம குடிக்கிற தண்ணி அதை மாத்தாது.

இப்ப உங்க கேள்வியோட முக்கியமான இடம், டாக்டர் பேரு. பேரு போடறது வேற, ஆதாரம் குடுக்கறது வேற. ஆதாரம்னா எந்த ஆய்வு, எந்த வருஷம், எந்த மருத்துவ இதழ்ல வந்துச்சு, மனுஷங்களுக்கு குடுத்து பாத்தாங்களா இல்ல லேப்ல கண்ணாடித் தட்டுல இருக்கிற செல்லுக்கா, நாம போய் பாக்கிற மாதிரி இருக்கணும். இந்த மெசேஜ்ல அதுல ஒண்ணுகூட இல்ல, டாக்டர் ராஜேந்திர பட்வேங்கற பேரும் ஆஸ்பத்திரி பேரும் மட்டும்தான். அவர் நிஜமாவே அங்க இயக்குனரா இருந்தவர், அதான் ஜனங்க நம்பிட்டாங்க. ஆனா 2019ல அந்த ஆஸ்பத்திரி தரப்புல இருந்தே இது பொய், அவர் இப்படி சொல்லவே இல்லன்னு மறுத்துட்டாங்க.

இதுல என்னை உலுக்கினது வேற ஒண்ணு. இதே மெசேஜ் இதுக்கு முன்னாடியே எலுமிச்சம்பழம்னு சுத்திட்டு இருந்துச்சு, அதுல பெய்ஜிங் ராணுவ ஆஸ்பத்திரி பேராசிரியர்னு பேரு. அன்னாசின்னு ஒண்ணு இருக்கு, அதுல வேற ஆஸ்பத்திரி, வேற பேராசிரியர். மத்தபடி மெல்லிசா நறுக்கு, கப்புல போடு, சுடுதண்ணி ஊத்து, கெட்ட செல்லை மட்டும் அழிக்கும், பத்து பேருக்கு அனுப்பு, எல்லாம் வரிக்கு வரி அதேதான். பழத்தையும் டாக்டரையும் மட்டும் மாத்திட்டாங்க.

இதை நீங்களே புடிக்கலாம். மெசேஜ்ல இருந்து வழக்கமா யாரும் பேசாத மாதிரி இருக்கிற ஒரு வரியை எடுங்க, அதுல தேங்காய்ங்கற வார்த்தையை விட்டுட்டு கூகுள்ல போட்டுத் தேடுங்க. தமிழ்ல கிடைக்கலைன்னா இங்கிலீஷ்ல அதே அர்த்தத்துல போடுங்க, ஏன்னா இதுல நிறைய அங்க இருந்து மொழிபெயர்த்து வந்ததுதான். அப்புறம் ஆஸ்பத்திரி பேரோட சேத்து "மறுப்பு"னு ஒரு தடவை தேடுங்க. அஞ்சு நிமிஷம்கூட ஆகாது.

ஒண்ணு மட்டும் கவனிங்க, அவசரமா இருக்கிறதெல்லாம் பொய்னு நினைச்சிடாதீங்க. புயல் எச்சரிக்கையும் அவசரம்தான், ஆனா அதுல தேதி இருக்கும், எந்த மாவட்டம்னு இருக்கும், சென்னை வானிலை மையம் சொன்னதுன்னா அவங்க வெப்சைட்லயும் அதே இருக்கும். அதே மாதிரி எழுத்துப்பிழை இல்லாம நல்லா எழுதியிருந்தா உண்மைன்னும் இல்ல. வாட்ஸ்அப்ல ரெட்டை அம்புக்குறி வந்தா நிறைய கை மாறி வந்திருக்குன்னு மட்டும்தான் அர்த்தம், அது உண்மையா பொய்யான்னு வாட்ஸ்அப் பாத்து சொல்றதில்ல.

அம்மாகிட்ட "இது பொய்மா"னு நேரா சொன்னா கேக்க மாட்டாங்க, யாரோ அக்கறையா அனுப்பினதுன்னு வருத்தப்படுவாங்க. எலுமிச்சை மெசேஜையும் தேங்காய் மெசேஜையும் ரெண்டு போன்ல பக்கத்துல பக்கத்துல வச்சு, அவங்களையே சத்தமா படிக்கச் சொல்லுங்க.