2 மீட்டர் தாங்கு சுவர்: மீட்டருக்கு எவ்வளவு கான்கிரீட், எவ்வளவு கம்பி?

"சார், ஏற்காட்டில் சரிவில் 4 சென்ட் மனை வாங்கியிருக்கிறோம். 2 மீட்டர் மண்ணைத் தாங்க கான்கிரீட் ரீட்டெய்னிங் வால் கட்டணும். ஒரு மீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட், கம்பி எவ்வளவு பிடிக்கும்?"

சரி, கணக்கைப் போட்டுவிடலாம். அடித்தளம் கீழ்ப்பக்கத் தரைக்கு அரை மீட்டர் கீழே போக வேண்டும். அதனால் மொத்த உயரம் 2.5 மீட்டர். அடியில் பேஸ் ஸ்லாப் 1.6 மீட்டர் அகலம், 25 செ.மீ. தடிமன். அதில் 90 செ.மீ. மண் பக்கம் நீள்கிறது. அதுதான் ஹீல். அதன்மேல் உட்காரும் மண்ணே சுவரைக் கவிழாமல் பிடித்துக்கொள்கிறது. முன்பக்கம் 45 செ.மீ. டோ. சுவர் அடியில் 25, உச்சியில் 15 செ.மீ.

பேஸுக்கு 1.6 × 0.25 = 0.40 கனமீட்டர். சுவர் 2.25 மீட்டர் உயரம், சராசரி 20 செ.மீ. தடிமன், அதனால் 0.45. மொத்தம் 0.85 கனமீட்டர், அதாவது 30 கன அடி. எம்25 தரக் கான்கிரீட் போடுங்கள். பேஸுக்கு அடியில் போடும் கம்பியில்லாத கான்கிரீட்டான பி.சி.சி. தனி.

கம்பியில், சுவரின் மண் பக்கமும், பேஸின் மேலும் கீழும் 12 மி.மீ., 20 செ.மீ. இடைவெளியில். இது மீட்டருக்கு 28, 29 கிலோ. முன்பக்க நிற்கும் கம்பியும் குறுக்குக் கம்பிகளும் 8 மி.மீ., சுமார் 22 கிலோ. ஓவர்லாப், வெட்டுத்துண்டு சேர்த்து 55 கிலோ என்று வாங்குங்கள்.

எடையைவிடக் கம்பி நிற்கும் இடம்தான் முக்கியம். மண் தள்ளும்போது சுவரின் மண் பக்கம் இழுபடுகிறது. 12 மி.மீ. கம்பி அங்கேதான் வேண்டும். நான் பார்க்கப் போன ஒரு சைட்டில் அதை முன்பக்கம் கட்டியிருந்தார்கள். கான்கிரீட் போடும் முன்பு பார்த்ததால் பிரித்துக் கட்ட முடிந்தது. நீங்களும் மண் பக்கம் நின்று பாருங்கள். தடித்த கம்பி உங்களுக்கு அருகில், 5 செ.மீ. கவருடன் இருக்க வேண்டும். பேஸில் ஹீலுக்கு மேல் கம்பி, டோவுக்குக் கீழ்க் கம்பி வேலை செய்கிறது. அதனால் இரண்டில் எதையும் விடக் கூடாது.

அப்புறம் தண்ணீர். வடிந்த மண் சுவரின் அடியில் தரும் வளைக்கும் திருப்புத்திறன் மீட்டருக்கு 11 கிலோநியூட்டன் மீட்டர் அளவு. பின்னால் தண்ணீர் உச்சி வரை தேங்கினால் அது 24 ஆகிவிடும், இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் தண்ணீர் வெளியே வடிய, சுவரின் ஊடாக 75 மி.மீ. பைப்பை ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக வையுங்கள். அதன் பின்னால் சுவரை ஒட்டி 30 செ.மீ. ஜல்லி நிரப்புங்கள், களிமண்ணைப் போட்டு நிரப்பிவிடாதீர்கள். மழையில் அந்த ஓட்டைகளில் ஒன்றுகூடச் சொட்டவில்லை என்றால் அடைத்திருக்கிறதா என்று குத்திப் பாருங்கள்.

இந்தக் கணக்கு, பின்னால் சமதளமாக நிரப்பிய மணல் கலந்த மண்ணுக்கு மட்டும். மேலே சரிவு தொடர்ந்தாலோ, சுவரை ஒட்டி வீடோ கார் நிறுத்துமிடமோ வந்தாலோ பேஸ் அகலமும் கம்பியும் மாறும். அதை மண்ணைப் பார்த்த பொறியாளர்தான் தனியாகக் கணக்கிட வேண்டும்.