நாற்று விதைக்கும் முன் ஃபில்டர் வந்திருக்க வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

சொட்டு நீர்ப் பாசனம் போடத் தீர்மானித்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை நாளில் போட்டு முடிக்கலாம்?" என்பதுதான். ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கருக்கு, ஆட்கள் இருந்தால் குழி வெட்டிக் குழாய் இழுத்துத் தண்ணீர் விடுவது பெரிய வேலை இல்லை. அந்த வேலைக்கு வேண்டிய சாமான்கள் எந்த வரிசையில் வருகின்றன, பயிர் அதற்குள் எங்கே வந்து நிற்கிறது என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. இன்று அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். எடுத்துக்காட்டாகத் தக்காளி போடும் ஒரு ஹெக்டேர் நிலத்தை வைத்துக்கொள்வோம்.

தொடக்கம் கடையில் இல்லை, கிணற்றடியில். அதுவும் தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும் காலத்தில். நீங்கள் மழைக்குப் பின் நடவு செய்யப் போகிறவராக இருந்தாலும், அதற்கு முந்தைய கடும் வறட்சியிலேயே கிணற்றை அளந்து வைத்துவிட வேண்டும். 200 லிட்டர் டிரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரைப் போட்டதும் அளக்காதீர்கள். மூன்று நான்கு மணி நேரம் ஓடவிட்டு, கிணற்றில் நீர் இறங்கிய பிறகு, டிரம் நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 60 வினாடி ஆனால், மணிக்கு 12,000 லிட்டர். இதே கிணறு மழைக்காலத்தில் 40 வினாடியிலேயே டிரம்மை நிரப்பிவிடும். அப்போது கணக்கு 18,000 லிட்டர்.

இந்த இரண்டு எண்களில் எதை வைத்துத் திட்டம் போடுகிறோம் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நிலம் நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மீட்டருக்கு ஒரு வரிசை என்றால் 66 வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் 40 சென்டிமீட்டருக்குத் தண்ணீர் சொட்டும் டிரிப்பர் ஒன்று, ஆக 250 டிரிப்பர்கள். மொத்தம் 16,500. ஒவ்வொன்றும் மணிக்கு இரண்டு லிட்டர் விட்டால், முழு வயலையும் ஒரே நேரத்தில் நனைக்க மணிக்கு 33,000 லிட்டர் வேண்டும். எந்தக் காலத்திலும் இந்தக் கிணறு அதைக் கொடுக்காது. அதனால் வயலைப் பகுதிகளாகப் பிரித்து, வால்வு வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீர் விடுகிறோம்.

மழைக்கால அளவை நம்பியவர் இரண்டு பகுதியாகப் பிரிப்பார். ஒரு பகுதிக்கு 16,500 லிட்டர், கிணறு 18,000 தருகிறது, சரியாகத்தானே இருக்கிறது என்பார். தக்காளி காய் பிடிக்கும் நேரம் வறட்சி வந்துவிடும். கிணறு 12,000 தான் தரும். அப்போது குழாயில் அழுத்தம் விழுந்து, தலைப்பக்கம் சொட்டும், கடைசி வரிசைகள் காயும். வறட்சி அளவை வைத்திருந்தவர் மூன்று பகுதியாகப் பிரித்திருப்பார். பகுதிக்கு 22 வரிசை, 11,000 லிட்டர். உச்ச வெயிலில் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் நீர் வேண்டும் என்றால், ஒரு ஹெக்டேருக்கு 60,000 லிட்டர். மூன்று பகுதிக்கும் சேர்த்து ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம் மோட்டார் ஓட வேண்டும். கிணறு அத்தனை நேரம் தாங்குமா என்பதையும் அந்த வறட்சி நாளிலேயே பார்த்துவிடலாம். இரண்டுக்கும் மூன்றுக்கும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. கூடுதலாக ஒரு வால்வு, கொஞ்சம் குழாய். குழியை மூடிய பிறகு மாற்றுவதுதான் கஷ்டம்.

அதே நாளில் ஒரு வெள்ளைக் கேனில் தண்ணீர் பிடித்து இரவு முழுக்க அப்படியே வையுங்கள். காலையில் அடியில் மணல் தங்கியிருக்கிறதா, தெளிவாக இருந்த நீர் பழுப்பேறியிருக்கிறதா என்று பாருங்கள். பழுப்பேறினால் இரும்புச்சத்து. மணலோ இரும்போ இருந்தால் ஃபில்டர் வகை மாறும். மணல் வரும் போருக்குச் சுழல் வடிகட்டி வேண்டும். திறந்த குட்டை, கால்வாய்த் தண்ணீரானால் மணல் ஃபில்டர் வேண்டும். இரண்டுக்குப் பின்னும் ஸ்கிரீன் அல்லது டிஸ்க் ஃபில்டர். கேனில் பார்த்ததோடு நிறுத்தாமல், நீர்ப் பரிசோதனைக்கும் கொடுத்துவிடுங்கள். முடிவு வராமல் ஃபில்டர் ஆர்டர் கொடுக்க முடியாது. பெரும்பாலும் கடைசியாக வந்து சேரும் சாமானும் இந்த ஃபில்டர்தான்.

இப்போது சாமான்களுக்கு வருகிறேன். சப்ளையரிடம் "எப்போது வரும்?" என்று ஒரே கேள்வியாகக் கேட்காதீர்கள். ஒவ்வொரு சாமானாகக் கேட்டு, எழுதி வாங்குங்கள். பிவிசி பைப் பெரும்பாலும் இருப்பில் இருக்கும். வரிசைதோறும் விரிக்கும் சொட்டுக் குழாயான லேட்டரல், நீங்கள் சொல்லும் இடைவெளியில் டிரிப்பர் வைத்து வர வேண்டியது, சில நேரம் புதிதாகத் தயாரித்துத்தான் வரும். ஃபில்டரும் வால்வும் வேறு இடத்திலிருந்து வரலாம். பருவம் தொடங்கும் முன் எல்லா விவசாயிகளும் ஒன்றாக ஆர்டர் கொடுப்பதால், மூன்று வாரம் என்று சொன்னால் நான் ஆறு வாரம் என்று கணக்கு வைப்பேன். சப்ளையர் பொய் சொல்கிறார் என்று அர்த்தம் இல்லை. அவர் சொல்வது சாதாரண மாதத்துக் கணக்கு.

எல்லாம் ஒரே லாரியில் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவும் வேண்டாம். மண்ணுக்குள் போகும் பைப் முதலில் வரட்டும், அடுத்து ஃபில்டரும் வால்வும். லேட்டரல் கடைசியாக வந்தால் போதும். சீக்கிரமே வந்துவிட்டால் அதை வெயிலில் போட முடியாது, கிடங்கில் போட்டால் எலி கடிக்கும்.

இங்கேதான் நேயர்களே, ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர், உழைப்பாளி, கணக்குத் தெரிந்தவர். தண்ணீர் திறந்த குட்டையிலிருந்து. பைப் வந்தது, குழி வெட்டினார், லேட்டரல் விரித்தார். பைப் வந்த மகிழ்ச்சியிலேயே நாற்றங்காலில் விதையும் விட்டுவிட்டார். ஃபில்டர் மட்டும் வரவில்லை. நாற்று 28 நாள் ஆகி நடவுக்குத் தயாராக நின்றது. எனக்குப் போன் செய்தார். "ஐயா, நாத்து நிக்குது. ஃபில்டர் அடுத்த வாரம் வந்துரும்னு சொல்றாங்க. பத்து நாள் நேரா விட்டா என்னங்க ஆயிடப் போகுது?"

"வேண்டாங்க, லேட்டரலை மூடியே வைங்க. நட்டுட்டு ஓஸ் பிடிச்சுத் தண்ணி விடுங்க" என்றேன். ஆனால் ஒரு ஹெக்டேருக்கு ஓஸ் பிடிக்க ஆள் வேண்டுமே. அவருக்கு ஆள் கிடைக்கவில்லை. நேராகவே விட்டார். ஃபில்டர் வந்து பொருத்திய பிறகும் வரிசைக் கடைசிகள் வாடின. நான் போய்ப் பார்த்தபோது ஒரு டிரிப்பரைப் பிளேடால் கிழித்துக் காட்டினார். உள்ளே தண்ணீர் வளைந்து வளைந்து போகும் அந்தச் சின்னப் பாதை முழுக்கப் பச்சைக் கொழகொழப்பு, அதில் வண்டல் ஒட்டிக் கெட்டியாகியிருந்தது. குளோரின் விட்டுப் பார்த்தோம், கொஞ்சம் திறந்தது. குட்டைக்குக் கிட்டே இருந்த பகுதிக்கு லேட்டரலை மாற்றத்தான் வேண்டியிருந்தது.

அவர் ஏன் அப்படிச் செய்தார்? நாற்று முற்றிக்கொண்டிருந்தது. விதை விட்ட நாளிலேயே நடவு நாளும் முடிவாகிவிட்டது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஃபில்டர் கையில் வந்து, பெட்டியைப் பிரித்து, இணைப்பு அளவு சரியா என்று பார்த்த பிறகு நாற்றங்காலில் விதை விடுங்கள். தக்காளி நாற்றுக்கு 25 முதல் 30 நாள் போதும். வயலில் மீதி வேலைக்கு அந்த நாட்கள் தாராளம். ஃபில்டர் தாமதமானால் விதை பாக்கெட்டில்தான் இருக்கும், நஷ்டமில்லை.

சரி, நடவு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவோம். நடவுக்குப் பன்னிரண்டு வாரம் முன் ஆர்டர். எட்டு வாரம் முன் பழைய பயிர் அறுவடை முடிந்து நிலம் காலியாக வேண்டும். அப்போது மண்ணில் கொஞ்சம் ஈரம் மிச்சம் இருக்கும், குழி வெட்ட அதுதான் நேரம். காய்ந்து இறுகிவிட்டால் கடப்பாரையும் இறங்காது, மழை பெய்துவிட்டால் குழி சரியும். இரண்டடி ஆழம், உழவுக் கொழு தொடாத அளவு. பைப்பை ஒட்டி ஒரு நாள் காயவிட்டு, தண்ணீர் விட்டுச் சோதித்த பிறகே இணைப்பு இருக்கும் இடங்களை மூடுங்கள். ஐந்து வாரம் முன் ஃபில்டர். நான்கு வாரம் முன் விதை. இரண்டு வாரம் முன் பாத்தி கட்டி லேட்டரல். பாத்தி கட்டும் முன் லேட்டரல் விரித்தால் டிராக்டருக்குத்தான் தீனி.

கடைசி வாரம் குழாயைக் கழுவும் வாரம். லேட்டரல்களுக்குத் தண்ணீர் பிரித்துக் கொடுக்கும் சப் மெயினில் துளை போட்டபோது உள்ளே விழுந்த வெள்ளை பிவிசி சுருள்கள் முதல் தண்ணீரோடு லேட்டரலுக்குள் போகும். அதனால் லேட்டரலை மாட்டும் முன் மெயின், சப் மெயின் கடைசிகளைத் திறந்து தெளிந்த நீர் வரும்வரை விடுங்கள். பிறகு லேட்டரல் கடைசிகளை ஐந்தைந்து வரிசையாகத் திறங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்தால் வேகம் இருக்காது, அழுக்கு உள்ளேயே தங்கிவிடும்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைகை காட்டுகிறார்கள். உரம் கரைத்து விடுவது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். இரண்டே வரியில் சொல்லிவிடுகிறேன். உரக் கரைசலைக் குழாய்க்குள் இழுத்துவிடும் வென்ச்சுரியைக் கடைசி ஸ்கிரீன் ஃபில்டருக்கு முன்னால் பொருத்துங்கள், கரையாத உரத்துகள் அதில் தங்கட்டும். உரம் விட்ட பிறகு கொஞ்ச நேரம் வெறும் தண்ணீர் ஓடட்டும்.

நடவுக்கு முந்தைய நாள் தலை, நடு, கடைசி வரிசைகளில் சில டிரிப்பர்களுக்கு அடியில் சிறு கிண்ணம் வைத்து மூன்று நிமிடம் பிடியுங்கள். இரண்டு லிட்டர் டிரிப்பர் என்றால் 100 மில்லி வர வேண்டும். கடைசி வரிசையில் 90க்குக் கீழே போனால், நாற்றைப் பிடுங்கும் முன் அந்த வரிசையைக் கழுவிப் பாருங்கள். அப்போதும் ஏறாவிட்டால் வால்வுக்குப் பின்னால் அழுத்தம் எவ்வளவு என்று பாருங்கள்.

நன்றி, வணக்கம்.