25-க்கு 42: எச்டிஎஃப்சி இணைப்பில் இபிஎஸ் கூடியதா, குறைந்ததா?

[திரையில்: 4 ஏப்ரல் 2022. எச்டிஎஃப்சி லிமிடெட் பங்கு 25 = எச்டிஎஃப்சி பேங்க் பங்கு 42]

வணக்கம். வீட்டுக் கடன் கொடுக்கும் எச்டிஎஃப்சி லிமிடெட், எச்டிஎஃப்சி பேங்கோடு சேரப்போகிறது என்று அறிவித்த நாள் இது. அந்த அறிவிப்பில் ஒரு பைசாகூடக் கைமாறவில்லை. பணத்துக்குப் பதில் பங்கு. லிமிடெட் கம்பெனியில் 25 பங்கு வைத்திருப்பவருக்கு பேங்கின் 42 பங்கு. வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு 1.68. இதைத்தான் ஸ்வாப் ரேஷியோ, பங்கு மாற்று விகிதம் என்கிறோம்.

ஒன்றுக்குப் பதில் 1.68 கிடைக்கிறதே என்று அன்று பலர் மகிழ்ந்தார்கள். லிமிடெட் பங்கின் முகமதிப்பு 2 ரூபாய், பேங்க் பங்கு 1 ரூபாய், அதனால்தான் இந்த வித்தியாசம் என்று சிலர் விளக்கமும் சொன்னார்கள். முகமதிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு பங்கின் மதிப்பை இன்னொரு பங்கின் மதிப்பால் வகுத்தால் வருவதுதான் விகிதம்.

[திரையில்: அறிவிப்புக்கு முந்தைய விலை. லிமிடெட் சுமார் ரூ.2,450, பேங்க் சுமார் ரூ.1,506]

அறிவிப்புக்கு முந்தைய வர்த்தக நாளின் முடிவில் இருந்த விலைகள் இவை. வகுத்தால் 1.63 வருகிறது. கொடுத்ததோ 1.68. அதாவது 2,450 ரூபாய்ப் பங்குக்கு 1.68 பெருக்கல் 1,506, சுமார் 2,530 ரூபாய் மதிப்புள்ள பங்கு. மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் பிரீமியம்.

சரி, சந்தை விலையை மட்டும் வைத்து வகுத்துவிட்டால் போதுமா? போதாது. பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்கள் சொத்து மதிப்பு, எதிர்கால வருமானம், சந்தை விலை என்று மூன்று கோணத்தில் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை என்று ஓர் அட்டவணை போட்டுக் காட்ட வேண்டும். அந்த விகிதம் நியாயமானதுதானா என்று ஒரு மெர்ச்சண்ட் பேங்கர் தனியாகக் கருத்துச் சொல்ல வேண்டும். எந்த இணைப்பு ஆவணத்தைத் திறந்தாலும் நான் முதலில் தேடுவது அந்த எடை அட்டவணையைத்தான். ஒரு முறைக்கு எடையே கொடுக்காமல் விட்டிருந்தால், ஏன் விட்டோம் என்று கீழே ஒரு குறிப்பு இருக்கும். பேரம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது பெரும்பாலும் அந்தக் குறிப்பில் தெரிந்துவிடும்.

இன்னொரு சின்ன விஷயம். உங்களிடம் 10 பங்குதான் இருந்தது என்றால் 16.8 பங்கு வரவேண்டும். அரைகுறைப் பங்கை யாரும் தர முடியாது. 16 பங்கு டீமேட் கணக்குக்கு வரும். எல்லாருடைய மிச்சத்தையும் ஒன்றாகச் சேர்த்துச் சந்தையில் விற்று, அந்த 0.8-க்கு உரிய பணத்தை பேங்க் கணக்கில் போடுவார்கள்.

[திரையில்: இபிஎஸ் = நிகர லாபம் ÷ பங்குகளின் எண்ணிக்கை]

இனி பேங்கின் பழைய பங்குதாரர் பக்கம் வருவோம். அவருடைய கவலை வேறு. புதிதாகக் கோடிக்கணக்கில் பங்கு அச்சடிக்கிறார்களே, என் பங்குக்கு உரிய லாபம் கூடுமா, குறையுமா? கூடினால் அக்ரீஷன். குறைந்தால் டைல்யூஷன்.

இதற்குச் சந்தையில் ஒரு குறுக்குவழி உண்டு. பங்கு விலையை இபிஎஸ்ஸால் வகுத்தால் வருவது பிஇ. வாங்குபவரின் பிஇ அதிகமாக இருந்து, கொடுக்கும் விலையில் வாங்கப்படும் கம்பெனியின் பிஇ குறைவாக இருந்தால் இபிஎஸ் கூடும். தலைகீழாக இருந்தால் குறையும். காரணம் எளிது. ஒரு ரூபாய் லாபத்துக்கு உங்கள் பங்கைச் சந்தை 22 ரூபாய்க்கு வாங்குகிறது, நீங்களோ அதே ஒரு ரூபாய் லாபத்தை அடுத்தவரிடம் 33 ரூபாய் மதிப்புள்ள பங்கைக் கொடுத்து வாங்குகிறீர்கள் என்றால், லாபம் கூடுவதைவிட வேகமாகப் பங்கு எண்ணிக்கை கூடிவிடும்.

22, 33 என்று நான் சும்மா சொல்லவில்லை. 2021-22 நிதியாண்டின் தனிக் கணக்கில் பேங்கின் நிகர லாபம் 36,961 கோடி ரூபாய். பங்குகள் சுமார் 555 கோடி. இபிஎஸ் 66.6 ரூபாய். 1,506 ரூபாய் விலைக்கு பிஇ 22.6. லிமிடெட் கம்பெனியின் லாபம் 13,742 கோடி, பங்குகள் சுமார் 181 கோடி, இபிஎஸ் 76 ரூபாய். 2,530 ரூபாய் விலைக்கு பிஇ 33. அப்படியானால் குறுக்குவழி சொல்வது என்ன? டைல்யூஷன், அதுவும் பெரிய அளவில்.

கணக்கையே போட்டுப் பார்த்துவிடலாம்.

[திரையில், ஒவ்வொரு வரியாக:
இரண்டு லாபமும் சேர்ந்து: 50,703 கோடி ரூபாய்
புதிய பங்கு: 181.3 × 1.68 = சுமார் 305 கோடி
மொத்தப் பங்கு: 555 + 305 = 860 கோடி
இபிஎஸ்: 59 ரூபாய்]

66.6 ரூபாய் 59 ஆகிவிட்டது. 11 சதவீதத்துக்கு மேல் சரிவு. இதோடு கால்குலேட்டரை மூடிவைத்தால், பேங்க் ஒரு மோசமான பேரத்துக்கு ஒப்புக்கொண்டது என்ற முடிவுக்குத்தான் வருவோம்.

ஆனால் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. லிமிடெட் கம்பெனியிடம் என்னென்ன சொத்து இருந்தது? வீட்டுக் கடன் இருந்தது, காப்பீட்டு நிறுவனங்களில் பங்கு இருந்தது. இவற்றோடு எச்டிஎஃப்சி பேங்கின் பங்கே இருந்தது. துணை நிறுவனங்கள் வைத்திருந்ததையும் சேர்த்துச் சுமார் 116 கோடி பங்கு, பேங்கில் 21 சதவீதம். இணைந்த பிறகு பேங்க் தன் பங்கையே தான் வைத்திருக்க முடியாது. அந்த 116 கோடிப் பங்கும் ரத்து.

[திரையில்: 860 − 116 = 744 கோடி. இபிஎஸ்: 68.1 ரூபாய்]

இப்போது 66.6 ரூபாய் 68.1 ஆகிறது. அதே விகிதம், அதே லாபம், ஆனால் டைல்யூஷன் அக்ரீஷனாக மாறிவிட்டது. இங்கே ஒரு கழித்தலும் உண்டு. லிமிடெட் கம்பெனியின் லாபத்தில் பேங்க் கொடுத்த டிவிடெண்டும் இருக்கிறது. இணைந்த பிறகு அது ஒரே பையிலிருந்து எடுத்து அதே பையில் போடுவது, லாபமாக எண்ண முடியாது. அந்த ஆண்டு பங்குக்கு ரூ.6.50 கொடுத்தார்கள். 116 கோடிப் பங்குக்கும் கழித்தால் அதிகபட்சம் சுமார் 750 கோடி. அதையும் எடுத்துவிட்டால் இபிஎஸ் 67.1.

அப்படியானால் பிஇ குறுக்குவழி ஏன் ஏமாற்றியது? லிமிடெட் பங்கின் 2,530 ரூபாயில் சுமார் 965 ரூபாய், அது கையில் வைத்திருந்த பேங்க் பங்கின் மதிப்பு. விலையில் அது முழுதாக உட்கார்ந்திருந்தது. லாபத்தில் டிவிடெண்டாக மட்டும் எட்டிப் பார்த்தது. இரண்டு பக்கமும் அதை நீக்கினால் மிச்சத் தொழிலுக்குக் கொடுத்த விலை சுமார் 1,565 ரூபாய், அதன் இபிஎஸ் 72 ரூபாய், பிஇ 22-க்குச் சற்றுக் கீழே. பேங்கின் 22.6-ஐவிடக் குறைவு. குறுக்குவழி தப்பில்லை, அதற்குள் போட்ட எண்தான் தப்பு. தாய் நிறுவனம் கிளை நிறுவனத்தில் இணையும் எந்த இடத்திலும் இந்தக் குறுக்குப் பங்கை முதலில் பிரித்துவிட வேண்டும்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொன்றும் தெரியும். இபிஎஸ் 66.6-க்குக் கீழே போகாமல் இருக்க வேண்டுமானால் மொத்தம் 750 கோடிப் பங்கு வரை தாங்கும். புதிய பங்கு 311 கோடி, விகிதம் 1.72. கொடுத்தது 1.68. இடைவெளி எவ்வளவு மெல்லியது பாருங்கள். இதுதான் பேரம் பேசுபவர்கள் மேசையில் வைத்துக்கொள்ளும் எண். நடைமுறையில் 2023 ஜூலையில் ஒதுக்கிய பங்குகளே சுமார் 311 கோடி. வாரண்ட், ஊழியர் ஆப்ஷன் எல்லாம் பங்காக மாறி லிமிடெட் கம்பெனியின் எண்ணிக்கை 185 கோடியாகிவிட்டது. அதற்காகக் கம்பெனிக்குப் பணமும் வந்தது என்பது உண்மைதான். ஆனாலும் கணக்குப் போடும்போது இன்றைய பங்குகளை மட்டும் எண்ணாமல், நாளைக்குப் பங்காகப் போகிறவற்றையும் எண்ணித்தான் ஆக வேண்டும்.

அப்புறம், இரண்டு லாபத்தையும் அப்படியே கூட்டினோமே, அது நியாயமா? இங்கேதான் எனக்குச் சந்தேகம் வரும். லிமிடெட் கம்பெனி பேங்க் அல்ல. அதனால் திரட்டிய பணத்தில் ஒரு பகுதியை சிஆர்ஆர் என்று ரிசர்வ் வங்கியில் ஒதுக்கி வைக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. பேங்கோடு சேர்ந்த நாளிலிருந்து வைக்க வேண்டும். அந்தப் பணத்துக்கு வட்டி கிடையாது. 2023-இல் சிஆர்ஆர் 4.5 சதவீதம்.

[திரையில்: 1 லட்சம் கோடிக்கு 4,500 கோடி முடக்கம். 7% வட்டி என்று வைத்தால் 315 கோடி. வரி போகச் சுமார் 236 கோடி. ஒரு பங்குக்கு 32 பைசா]

7 சதவீதம் நான் வைத்துக்கொண்ட எண், நீங்கள் மாற்றிப் பார்க்கலாம். லிமிடெட் கம்பெனியின் கடனும் டெபாசிட்டும் சேர்ந்து சுமார் 5 லட்சம் கோடி. அத்தனைக்கும் சிஆர்ஆர் பொருந்தாது. ஆனால் 67.1-க்கும் 66.6-க்கும் இடையில் இருப்பது 50 பைசா. ஒன்றரை லட்சம் கோடிக்குச் சற்று மேல் பொருந்தினாலே அது கரைந்துவிடும். இதுபோக அரசுப் பத்திரங்களில் கூடுதலாகப் போட வேண்டிய எஸ்எல்ஆர், முன்னுரிமைத் துறைக் கடன் இலக்கு என்று செலவுகள் தனி. மறுபக்கம், வீட்டுக் கடன் வாங்கியவரையே சேமிப்புக் கணக்கும் தொடங்க வைக்கலாம் என்பது வரவு. செலவு முதல் நாளே வந்துவிடும். வரவு ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து வரும். அதனால் வரவை முதல் ஆண்டிலேயே முழுதாக ஏற்றிக் காட்டும் ஸ்லைடுகளை நான் நம்புவதில்லை.

நடந்தது என்ன? இணைப்பு 2023 ஜூலை 1-இல் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய காலாண்டில் பேங்கின் லாபம் 11,952 கோடி, இபிஎஸ் ரூ.21.4. இணைந்த முதல் காலாண்டில் லாபம் 15,976 கோடி. நான்காயிரம் கோடி கூடிவிட்டது, தலைப்புச் செய்திகள் அதைத்தான் பிடித்துக்கொண்டன. இபிஎஸ் ரூ.21.1. மொத்தச் சொத்தின் மீதான நிகர வட்டி வருமான விகிதம் 4.1 சதவீதத்திலிருந்து 3.4-க்கு இறங்கியது.

30 பைசா இறக்கம் சின்னதுதானே என்று தோன்றும். ஒப்பிட வேண்டியது முந்தைய காலாண்டோடு மட்டும் இல்லை, இணையாமலே இருந்திருந்தால் பேங்க் எவ்வளவு சம்பாதித்திருக்கும் என்பதோடும். அதற்கு முந்தைய காலாண்டுகளில் இபிஎஸ் ஆண்டுக்கு ஆண்டு நன்றாக வளர்ந்துகொண்டிருந்தது. அந்த வளர்ச்சியையும் சேர்த்துப் பார்த்தால் டைல்யூஷன் 30 பைசாவைவிடப் பெரியது என்பது என் கணிப்பு.

நீங்களே சரிபார்க்கப் போனால் இரண்டு இடத்தில் கவனம். 2023-24 ஆண்டு இபிஎஸ்ஸை எடுக்காதீர்கள். புதிய பங்குகள் ஒன்பது மாதம்தான் இருந்தன, அதனால் சராசரி எண்ணிக்கையால் வகுத்திருப்பார்கள். காலாண்டு எண்ணையே எடுங்கள். இன்னொன்று, 2025 ஆகஸ்டில் பேங்க் 1:1 போனஸ் கொடுத்தது, பங்கு எண்ணிக்கை இரட்டிப்பானது. இன்றைக்குப் பங்குச்சந்தைத் தளங்களில் பழைய இபிஎஸ்ஸைப் பார்த்தால் பல இடங்களில் நான் சொன்னதில் பாதிதான் இருக்கும்.