மேலதிக மைலும் இரவல் சேலையும்

(ஹட்டனில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது. கொஞ்சம் திருத்தி எழுதியிருக்கிறேன்.)

தலைவர் அவர்களே, இந்த மழையிலும் நானுஓயாவிலிருந்து வந்திருக்கும் அதிபர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த அருட்தந்தை அவர்களே, முன்வரிசையில் இருக்கும் நகரசபை உறுப்பினர்களே (மூன்று பேர் என்று எழுதி வைத்திருந்தேன், நாலாவது ஐயா தூணுக்குப் பின்னால் இருக்கிறார், மன்னிக்கவேண்டும்), அச்சகத்தில் எனக்குத் தொழில் சொல்லித் தந்த என் பழைய முதலாளி அவர்களே, கடைசி பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஆங்கில விளம்பர வாசகத்தைத் தமிழுக்குக் கொண்டுவருவது பற்றி மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்தேன்: பொருள், மரியாதை, ஓசை. அதற்கு முன்னால் ஒரு பழமொழி. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம். என் பிள்ளைகள் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். நீங்கள் இன்று கேளுங்கள்.

பல வருஷத்துக்கு முன்னால் அச்சகத்தில் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். கொழும்பிலிருந்து ஒரு நிதிக் கம்பனி, பெயர் வேண்டாம், பத்தடிக்கு மூன்றடி பேனர் ஒன்று அடிக்க அனுப்பியது. ஆங்கிலத்தில் "வி கோ தி எக்ஸ்ட்ரா மைல் ஃபோர் யூ". அதற்குக் கீழே தமிழ்: "நாங்கள் உங்களுக்காக மேலதிக மைல் செல்கிறோம்". எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. சரி பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேனரைக் கட்டினார்கள். மறுநாள் காலை நான் அதன் கீழே பிளேன்டீ குடித்துக்கொண்டு நிற்கிறேன். தோட்டத்து அம்மா ஒருவர், கையில் குடை, தோளில் பை, பேனரை எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இந்த பஸ் எங்க மட்டும் போகுது?"

"இது பஸ் இல்லம்மா, காசு குடுக்கிற கம்பனி."

"மைலு போட்டிருக்காங்களே. மேலதிகமாப் போனா டிக்கெட்டும் கூடுமா?"

பக்கத்தில் நின்ற கண்டக்டர் பையன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். அம்மா விடவில்லை. "எங்க லயத்துக்கு மெயின் ரோட்டுல இருந்து மூணு மைலு நடக்கணும். அதுக்கு வருவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க." ஒரு வாரத்துக்குள் அந்தக் கிளைக்கு ஊரே "மைல் கம்பனி" என்று பெயர் வைத்துவிட்டது. கிளை மேனேஜர் நல்ல மனிதர். அச்சகத்துக்கே வந்து, "இதை எப்படியாவது சரிபண்ணித் தாங்க" என்றார்.

அந்த ஆங்கிலத் தொடரின் வேர் பைபிளில் இருக்கிறது. அருட்தந்தைக்கு நான் சொல்லத் தேவையில்லை. மத்தேயு ஐந்தாம் அதிகாரம்: ஒரு மைல் வரச்சொல்லி ஒருவன் கட்டாயப்படுத்தினால் இரண்டு மைல் போ. ரோமச் சிப்பாய் வழியில் போகிறவனைப் பிடித்துச் சுமை தூக்கவைக்கலாம் என்றிருந்த காலம் அது. ஆகவே அதில் தூரம் முக்கியமில்லை, கடமை முடிந்த பிறகும் செய்வதுதான் முக்கியம். ஆங்கிலேயனுக்கு அந்த மைல் பழகித் தேய்ந்து கண்ணுக்குத் தெரியாமலே போய்விட்டது. நமக்கு அது நிஜ மைல். கால் வலிக்கும்.

முதலில் "கேட்டதற்கும் மேலே செய்வோம்" என்று எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. அச்சகக் கணக்கப்பிள்ளையிடம் வாசித்துக் காட்டினேன். "எதை மேலே? வட்டியையா?" என்றார். போச்சு. கடைக்காரர் போடும் "கொசுறு" நல்ல சொல், ஆனால் காசு விஷயத்தில் அது மலிவாகக் கேட்கிறது. மூன்றாவதாக, "வாசலோடு நின்றுவிட மாட்டோம்". இதை எழுதிவிட்டு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். வீட்டில் வாசித்தேன். மனைவி சொன்னாள்: "கடன் வசூலிக்க வர்றவன் வீட்டுக்குள்ளேயே வந்துருவானா?" சிறுகடன் வாங்கி, வசூல் நாளில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தவர்கள் இருக்கும் ஊரில் அந்த வாசகத்தைத் தொங்கவிட்டிருந்தால் பேனரைக் கிழித்திருப்பார்கள்.

பிறகுதான் ஒன்று ஞாபகம் வந்தது. லயத்துக்கு விருந்தாளி வந்து திரும்பும்போது நாம் என்ன செய்கிறோம்? கூடவே இறங்கிப் போவோம். பையை வாங்கிக்கொள்வோம். ரோட்டு வளைவில் அவர் மறையும்வரை நிற்போம். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஆங்கிலேயனின் இரண்டாவது மைல் நமக்கு அங்கேதான் இருக்கிறது. "கடைசி வளைவு வரைக்கும் கூட வருவோம்" என்று எழுதினேன். 'மேலதிகம்' என்ற சொல் அதில் இல்லை. 'கடைசி' அந்த வேலையைச் செய்கிறது.

அதையும் ஸ்டாண்டில் நாலு பேரிடம் வாசித்தேன். இங்கே ஒரு தொழில் நுணுக்கம்: "நல்லா இருக்கா?" என்று கேட்கக்கூடாது. மரியாதைக்கு எல்லோரும் நல்லா இருக்கு என்பார்கள். "இவங்க என்ன செய்வாங்கன்னு இது சொல்லுது?" என்று கேட்கவேண்டும். ஒரு பெரியவர், "பாதியில விடமாட்டாங்க போல" என்றார். அது போதும்.

கொழும்பிலிருந்து உடனே கேள்வி வந்தது: "இதில் மைல் எங்கே?" தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருவர், திருப்பி மொழிபெயர்த்ததை வைத்துச் சொல் எண்ணிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் நான் மூன்று வாசகம் அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் கீழே அதன் நேர்ப்பொருளையும், நம் ஆள் அதை எப்படிக் கேட்பார் என்பதையும் இரண்டு வரியில் எழுதி அனுப்புகிறேன். அன்று அது தெரியாது. கடைசியில் ஹட்டன் கிளைக்கு மட்டும் வளைவு கிடைத்தது, மற்ற ஊர்களில் மைலே தொங்கியது. யாழ்ப்பாணத்துச் சமதரையில் என் வளைவும் எடுபட்டிருக்காது, அதையும் சொல்லவேண்டும். அங்கே அந்த ஊர்க்காரர்தான் எழுதவேண்டும். இரவல் சேலை என்றால் பக்கத்து வீட்டுச் சேலையும் இரவல்தான்.

மரியாதை பற்றிச் சுருக்கமாக. நைக்கி கம்பனி 1988இல் "ஜஸ்ட் டூ இட்" என்றது. ஆங்கிலத்தில் அந்த 'டூ' யாரையும் நீ என்றும் சொல்லவில்லை, நீங்கள் என்றும் சொல்லவில்லை. தமிழில் வாயைத் திறந்தாலே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாகவேண்டும். "செய்" என்று பலகையில் எழுதினால் நம் ஊரில் கங்காணி குரல் கேட்கும். "செய்யுங்கள்" என்றால் வேகம் போய், சுகாதாரத் திணைக்களத்து அறிவித்தல் மாதிரி ஆகிவிடும். 'ஜஸ்ட்' என்பதற்குச் 'சும்மா' போட்டால் சம்பளம் இல்லாமல் வேலை செய் என்று அர்த்தம். தோட்டத்தில் அதைச் சொல்லிப் பாருங்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஏவலை விட்டுவிட்டு "செய்துதான் பார்ப்போமே" என்று நம்மையும் சேர்த்துக்கொண்டால் அதிகாரம் போய்த் துணிச்சல் மட்டும் மிஞ்சும்.

ஓசை பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆனால் இதைச் சொல்லாமல் இறங்கமாட்டேன். ஆங்கில வாசகம் முடிவாகி, படம் எடுத்து, பலகையில் மற்ற இரண்டு மொழிக்கும் இடம் ஒதுக்கிய பிறகு, மிச்சமிருக்கும் ஆறு அங்குலத்துக்குத் தமிழ் கேட்டு வருகிறார்கள். அந்த ஆறு அங்குலத்துக்கு இரவல் சேலைதான் கிடைக்கும். முதல் கூட்டத்திலேயே, என்ன விற்கிறோம், யாருக்கு விற்கிறோம் என்று பேசும்போதே, இந்த ஊரில் பிறந்து எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைக்கவேண்டும். ஆங்கிலத்தில் எழுதுபவருக்குத் தரும் கூலியை அந்தப் பிள்ளைக்கும் தரவேண்டும். மலையகத்தில் தொங்கும் பலகை எதுவும் அச்சுக்குப் போகுமுன் இங்கே ஒரு பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேருக்கு வாசித்துக் காட்டப்படவேண்டும்.

இதைக் கேட்டு, இங்கே கிளை வைத்திருக்கும் கம்பனிகளுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். கதவுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. குடையை எடுக்கும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். தூணுக்குப் பின்னால் இருக்கும் ஐயாவுக்குத் தாளை நானே கொண்டுவருகிறேன்.