சூப்புல புரோட்டீன் எவ்வளவு? கணக்கு போட்டுப் பார்ப்போம்

வணக்கம் நேயர்களே. நான் ஒரு டயட்டீஷியன். என்கிட்ட வர்றவங்ககிட்ட "நாள் முழுக்க என்ன சாப்பிட்டீங்க"ன்னு கேட்டா ஒரு பதில் அடிக்கடி வரும், "சாப்பாடு சரியா இறங்கல மேடம், ஆனா சூப் நல்லா குடிச்சிட்டேன், அதனால புரோட்டீனுக்குக் குறைவில்ல"ன்னு சொல்வாங்க. ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தவங்க, வயசானவங்க, உடம்பைக் குறைக்கிறேன்னு ராத்திரி சூப் மட்டும் குடிக்கிறவங்க, எல்லார்கிட்டயும் இதேதான். இன்னைக்கு அந்த சூப்பை அடுப்புல இருந்து இறக்கி வச்சு கணக்கு போட்டுப் பாக்கலாம், பேப்பர் பேனா இருந்தா எடுத்துக்கோங்க, இல்லன்னாலும் பரவால்ல, கஷ்டமான கணக்கு ஒண்ணும் இல்ல.

முதல்ல எவ்வளவு வேணும்னு தெரியணும். ஆரோக்கியமா இருக்கிற பெரியவங்களுக்கு உடம்பு எடை ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு சுமார் 0.83 கிராம் புரோட்டீன், உலக சுகாதார அமைப்பு சொல்ற அளவு இது. 60 கிலோ இருக்கிற ஒருத்தருக்கு 50 கிராம்னு வச்சுக்கோங்க. வயசானவங்களுக்கும் உடம்பு தேறி வர்றவங்களுக்கும் பொதுவா இதைவிடக் கூடத்தான் சொல்லுவோம். இந்த 50ஐ மனசுல வச்சுக்கோங்க, மத்ததெல்லாம் இதோடதான் ஒப்பிடப் போறோம்.

வெஜிடபிள் சூப் கணக்கு சட்டுனு முடிஞ்சிரும். தண்ணில புரோட்டீன் கிடையாது, அதனால பாத்திரத்துக்குள்ள போன காய்ல என்ன இருந்துச்சோ அதுதான் சூப்புல இருக்க முடியும், எவ்வளவு நேரம் கொதிச்சாலும் அது ஒரு கிராம்கூட ஏறாது. நாலு பேருக்கு ஒரு சூப் வைக்கிறோம்னு வைங்க. கேரட் 100 கிராம், தக்காளி 100 கிராம், ரெண்டுலயும் 0.9 கிராம் 0.9 கிராம். முட்டைகோஸ் 100 கிராம், அதுல 1.3. பீன்ஸ் 100 கிராம், 1.8. வெங்காயம் 50 கிராம், அதுல ஒரு அரை கிராம். கூட்டுங்க, அஞ்சரை கிராம்கூட முழுசா வரல. இது முழு பாத்திரத்துக்கும். நாலு பவுலா ஊத்தினா ஒரு பவுலுக்கு 1.4 கிராம் வரும், அதுவும் காய் மொத்தத்தையும் சாப்பிட்டா. வடிகட்டி தெளிவா குடிச்சா அதுலயும் ஒரு பங்கு வடிகட்டியில நின்னுரும். கெட்டியா வரட்டும்னு கார்ன்ஃப்ளவர் கரைச்சு ஊத்துவோம் இல்ல, அது கிட்டத்தட்ட முழுக்க ஸ்டார்ச், கணக்குல ஏறவே ஏறாது. அந்த 50 கிராமை இந்த சூப்லயே எடுக்கணும்னா 36 பவுல் குடிக்கணும், ஒரு பவுல் 250 மில்லின்னா 9 லிட்டர்! காய்கறி சூப்புல நல்லது நிறைய இருக்கு, நார்ச்சத்து, பொட்டாசியம், பசி அடங்குறது, எல்லாம் சரி, ஆனா புரோட்டீன்ங்கிற கட்டத்துல அதுக்கு ஒண்ணுன்னு எழுதிட்டு நகர்ந்துரலாம்.

பாக்கெட் சூப் பவுடர் வாங்குறவங்க ஒரு விஷயம் கவனிங்க. பின்னாடி இருக்கிற அட்டவணைல "100 கிராமுக்கு"ன்னு போட்டிருக்கும், அது காய்ஞ்ச பவுடர் 100 கிராம், நீங்க ஒரு பவுலுக்குப் போடுறது 10, 12 கிராம்தான். 100 கிராமுக்கு 10 கிராம் புரோட்டீன்னு போட்டிருந்தா உங்க பவுல்ல 1.2 கிராம்.

சரி, இப்போ எலும்பு சூப். இங்கதான் விஷயம் கொஞ்சம் சுவாரசியம், ஏன்னா எலும்புல நிஜமாவே புரோட்டீன் இருக்கு, நிறையவே இருக்கு. எலும்போட எடைல ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு கொலாஜன்ங்கிற புரோட்டீன்தான். அப்போ அரை கிலோ எலும்புல சுமார் 100 கிராம். ரெண்டு லிட்டர் தண்ணி ஊத்தி மூணு மணி நேரம் கொதிச்சு ஒன்றரை லிட்டரா சுண்டுச்சுன்னா ஆறு பவுல். 100ஐ 6ஆல வகுத்தா பவுலுக்கு 16, 17 கிராம்! எலும்பு சூப்பைப் பெருசா பேசுறவங்க மனசுக்குள்ள ஓடுறது இந்தக் கணக்குதான்னு நினைக்கிறேன். கணக்கு தப்பில்ல, ஆனா இது எலும்புல இருக்கிறது மொத்தமும் தண்ணிக்கு வந்துருச்சுன்னா மட்டும்தான்.

அப்படி வராது. வீட்டு எலும்பு சூப்புல நிஜத்துல பொதுவா ஒரு பவுலுக்கு 2ல இருந்து 5 கிராம் வரைக்கும்தான் கிடைக்குது. ஏன்னா எலும்புக்குள்ள கொலாஜன் சும்மா இல்ல, கான்கிரீட்டுக்குள்ள கம்பி மாதிரி கால்சியம் பாஸ்பேட் தாதுக்குள்ள புதைஞ்சு கிடக்கு. கொலாஜன் சூட்டுல அவிழ்ந்து ஜெலட்டினா மாறி தண்ணில கரையணும்னா முதல்ல தண்ணி அதுகிட்ட போகணும். ஜெலட்டின் தயாரிக்கிற ஃபேக்டரில எலும்பை என்ன பண்றாங்கன்னு பாருங்க, முதல்ல நொறுக்கி, கொழுப்பை எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல நாள் கணக்குல ஊற வச்சு தாதுவைக் கரைப்பாங்க, அப்புறம் சுண்ணாம்புத் தண்ணில வாரக் கணக்குல போடுவாங்க, அதுக்குப் பிறகுதான் வெந்நீர்ல ஜெலட்டினை இறக்குவாங்க. அவ்வளவு வேலை அவங்க பாக்குறாங்க, நாம மூணு மணி நேரம் அடுப்புல வச்சுட்டு எல்லாம் இறங்கிருச்சுங்கிறோம். ஒரு ஸ்பூன் வினிகர் விட்டா எல்லாம் கரைஞ்சிரும்னு ஒரு பேச்சு இருக்கு, அந்த ஃபேக்டரி அமிலத்துக்கு முன்னாடி அந்த ஒரு ஸ்பூன் எந்த மூலைக்கு!

அப்போ அந்த 2, 5 கிராம் எங்கிருந்து வருது? பெரும்பாலும் தாது இல்லாத இடத்துல இருந்து. மூட்டுல இருக்கிற வெள்ளைக் குருத்தெலும்பு, தசைநார், தோல், ஒட்டிக்கிட்டிருக்கிற ஜவ்வு, இதெல்லாம் சீக்கிரம் இளகும். அதனால மூட்டும் காலும் போட்ட சூப் கெட்டியா வரும், வெறும் குழாய் எலும்பு போட்டா நீர்த்துதான் போகும். குழாய் எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜை ருசியா இருக்கும், ஒத்துக்கிறேன், ஆனா அதுல பெரும்பகுதி கொழுப்பு. மேல மினுமினுன்னு மிதக்குறதைப் பாத்து "சத்து இறங்கிருச்சு"ம்பாங்க, அது சத்துதான், ஆனா கொழுப்புச் சத்து.

வீட்டுலயே சோதிக்க ஒரு வழி இருக்கு. சூப்பை ஆற வச்சு ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வைங்க. காலைல மேல உறைஞ்ச கொழுப்பை எடுத்துட்டு கீழ பாருங்க. கடைல விக்கிற ஜெலட்டின் பவுடர் 7 கிராம் இருந்தா சுமார் 480 மில்லி தண்ணியை ஜெல்லி மாதிரி உறைய வைக்கும், அதாவது ஒன்றரை சதவீதம். உங்க சூப்பும் அதே மாதிரி ஆடுற ஜெல்லியா இருந்தா 250 மில்லி பவுலுக்கு ஏறக்குறைய நாலு கிராம்னு சொல்லலாம். கத்தியால வெட்டுற அளவுக்கு உறைஞ்சிருந்தா இன்னும் கூட. தண்ணியாவே இருந்தா பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு கிராம்தான், ஆனா ஒரு விஷயம், ப்ரஷர் குக்கர்ல ரொம்ப நேரம் விட்டா ஜெலட்டின் துண்டு துண்டா உடைஞ்சு உறையுற சக்தி போயிரும், புரோட்டீன் அங்கேயேதான் இருக்கும், அதனால உறையலன்னா ஒண்ணுமே இல்லன்னு முடிவு பண்ணிராதீங்க.

சந்தேகம் இருந்தா இன்னொரு வழி, இது நான் ஸ்டூடண்ட்ஸுக்கு சொல்றது. உப்பு போடாத, கொழுப்பு எடுத்த சூப் 500 கிராம் எடை போட்டு ஒரு அகலமான பாத்திரத்துல சின்னத் தீயில முழுசா காய விடுங்க, கடைசில அடிப்பிடிக்காம பாத்துக்கணும். பாத்திரத்தோட எடையைக் கழிச்சா மிஞ்சுறது 10 கிராம்னு வைங்க. அதுல தாது, மத்தது எல்லாம் சேர்த்துதான் 10, அதனால அந்த அரை லிட்டர்ல புரோட்டீன் 10ஐ எந்தக் காலத்துலயும் தாண்டாது, பவுலுக்கு 5க்குள்ள. யார் என்ன சொன்னாலும் தராசு சொல்றதுக்கு மேல இல்ல.

இப்போ இன்னொரு சிக்கல். அந்த 4 கிராமையும் முட்டைல வர்ற 4 கிராமையும் ஒண்ணா வைக்க முடியாது. நம்ம உடம்பால செஞ்சுக்க முடியாத அமினோ அமிலங்கள் ஒன்பது இருக்கு, அதுல ட்ரிப்டோஃபேன்ங்கிறது கொலாஜன்ல அறவே கிடையாது. 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமார் 240 மில்லிகிராம் ட்ரிப்டோஃபேன் வேணும். ஒரு முட்டைல ஏறக்குறைய 80 இருக்கு. ஜெலட்டின் எத்தனை பவுல் குடிச்சாலும் பூஜ்யம். அதனாலதான் புரோட்டீன் தரத்துக்குப் போடுற மார்க்குல ஜெலட்டின் தனியா நின்னா பூஜ்யம் வாங்குது.

இது புதுசா கண்டுபிடிச்ச விஷயமும் இல்ல. 19ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல பாரிஸ்ல டார்சேங்கிற வேதியியலாளர் எலும்புல இருந்து ஜெலட்டின் எடுத்து ஏழைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் சூப்பா கொடுக்கலாம்னு பெரிய முயற்சி எடுத்தார். இது உண்மையிலேயே ஊட்டமான்னு பாக்க அறிவியல் அகாடமி ஒரு குழு போட்டுச்சு, மஜாந்திங்கிற உடலியல் அறிஞர் தலைமைல. 1841ல அறிக்கை வந்துச்சு, ஜெலட்டினை மட்டும் நம்பி வளர்த்த நாய்கள் பிழைக்கல. ஏன்னு அன்னைக்கு யாருக்கும் தெரியாது, ட்ரிப்டோஃபேனையே ஹாப்கின்ஸ்ங்கிற இங்கிலாந்து உயிர்வேதியியலாளர் 1901லதான் பிரிச்செடுத்தார்.

அதுக்காக எலும்பு சூப் வீண்னு நான் சொல்லல. மத்த வேளைல பருப்பு, முட்டை, பால், கறின்னு ஒழுங்கா சாப்பிடுறவங்களுக்கு அந்த 4 கிராமும் உடம்புல சேரும், குறைஞ்ச அமிலத்தை மத்த சாப்பாடு ஈடுகட்டும். சூப்பே சாப்பாடா ஆகுறப்பதான் பிரச்சனை. வயித்துல இடம் கொஞ்சமா இருக்கிற வயசானவங்க ரெண்டு பவுல் சூப் குடிச்சா அரை லிட்டர் தண்ணி உள்ள போயிரும், அப்புறம் தட்டுல இருக்கிற முட்டையும் கறியும் அப்படியே திரும்பி வரும்.

கறியோட வச்ச சூப்புன்னா ஒரு விஷயம் சொல்லணும். தசைல இருக்கிற புரோட்டீன் சூட்டுல உறைஞ்சு கறிக்குள்ளயே நின்னுரும், தண்ணிக்கு அவ்வளவா வராது. கொஞ்சம் வர்றதும் மேல நுரையா திரண்டு நிக்கும், அதை நாம கரண்டியால எடுத்துக் கொட்டிருவோம். வெந்த கோழிக்கறி 50 கிராம்ல 13 கிராமுக்குக் குறையாது, ஆனா நோயாளிக்குச் சாறு, கறி மத்தவங்களுக்குன்னு பல வீட்டுல நடக்குது! அந்தக் கறியை நல்லா மசிச்சு அதே சூப்ல கலந்து கொடுங்க. கறி சாப்பிடாதவங்களா, முன்னாடி சொன்ன அதே காய்கறி சூப் பாத்திரத்துல 120 கிராம் பருப்பை வேக வச்சு அரைச்சு விடுங்க. பருப்புல சுமார் 24 சதவீதம் புரோட்டீன், அப்போ 29 கிராம் சேருது, நாலு பவுலுக்கு வகுத்தா பவுலுக்கு ஏழு கிராமுக்கு மேல. அடுத்த தடவை என்கிட்ட வர்றப்ப "சூப் குடிச்சேன்"னு மட்டும் எழுதாதீங்க, உள்ள என்ன போட்டீங்க, எத்தனை கிராம், எத்தனை பவுலா ஊத்தினீங்க, வடிகட்டினீங்களா இல்லையான்னு சேத்து எழுதிட்டு வாங்க. நன்றி, வணக்கம்.