கழித்த பின் மிஞ்சுவது: பாகுநிலையிலிருந்து பாலிமரின் மூலக்கூறு எடை

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு திரவத்தைக் குறுகலான குழாய் வழியே விட்டால், அது நீர்த்ததாக இருந்தால் விரைவாகவும் கெட்டியாக இருந்தால் மெதுவாகவும் இறங்கும் என்பது எல்லோரும் கண்டறிந்த செய்திதான். ஓட்டத்துக்குத் திரவம் காட்டும் இந்தத் தடையைத்தான் பாகுநிலை என்கிறோம். இந்த எளிய உண்மையைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு பாலிமர் சங்கிலியின் மூலக்கூறு எடையை மதிப்பிட முடியும். நான் நெடுநாட்களாகக் கையாண்டு வரும் அந்த முறையைப் பற்றித்தான் இன்று பேசவிருக்கிறேன். அதிலும் குறிப்பாக, அந்தக் கணக்கின் நடுவே வரும் ஒரு சிறிய கழித்தலைப் பற்றி அதிகம் சொல்லப் போகிறேன். ஏனெனில் இந்த முறையின் நம்பகத்தன்மை பெரும்பாலும் அந்த ஒரு கழித்தலில்தான் அடங்கியிருக்கிறது.

பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கை எடுத்துக்கொள்வோம். ஸ்டைரீன் என்ற சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டு நீண்ட சங்கிலியாக நிற்பதே பாலிஸ்டைரீன். அதை டொலுயீன் என்ற கரைப்பானில் சிறிதளவு கரைத்தால், ஒவ்வொரு சங்கிலியும் தளர்ந்து சுருண்ட ஒரு நூல்கண்டைப் போலக் கரைப்பானை உள்ளே ஏந்தியபடி மிதக்கும். அந்தக் கண்டு பெரியதாக இருந்தால் திரவத்தின் ஓட்டத்தைக் கூடுதலாகத் தடுக்கும். சங்கிலி நீளமாக இருந்தால் கண்டும் பெரியதாக இருக்கும். ஆகவே ஓட்டம் எவ்வளவு மந்தமாகிறது என்பதை அளந்தால், சங்கிலியின் நீளத்தை, அதாவது அதன் மூலக்கூறு எடையை அறியலாம்.

அளக்கும் கருவி கண்ணாடியால் ஆன உப்பலோடே விஸ்கோமீட்டர். மேலே ஒரு சிறு குமிழ். அதற்கு மேலும் கீழும் ஒவ்வொரு கோடு. குமிழுக்குக் கீழே தந்துகிக் குழாய், அதாவது மயிரிழை போன்ற துளையுள்ள நீண்ட குழாய். கரைசலை உறிஞ்சிக் குமிழுக்கு மேலே ஏற்றிவிட்டு, அதைத் தானாக இறங்க விட்டு, மேற்கோட்டைக் கடப்பதிலிருந்து கீழ்க்கோட்டைக் கடப்பது வரையான நேரத்தை நிறுத்துகடிகாரத்தால் அளக்கிறோம். முதலில் வெறும் டொலுயீனுக்கு அளக்க வேண்டும், பிறகுதான் கரைசலுக்கு. கருவி முழுவதும் 25 பாகை செல்சியஸில் நிலைநிறுத்தப்பட்ட நீர்த்தொட்டியில் மூழ்கியிருக்க வேண்டும்.

இப்போது ஒரு கணக்கை எண்களோடு பார்ப்போம். எண்களை மெதுவாகவே சொல்கிறேன். டொலுயீன் இறங்க 120 விநாடி ஆகிறது. 100 மில்லிலிட்டரில் 1 கிராம் பாலிஸ்டைரீன் உள்ள கரைசல் இறங்க 238 விநாடி ஆகிறது. அதே அளவு டொலுயீனைச் சேர்த்துச் செறிவைப் பாதியாக்கினால், அதாவது அரை கிராமாக்கினால், 172.6 விநாடி. மீண்டும் பாதியாக்கினால், அதாவது கால் கிராமில், 144.7 விநாடி. உப்பலோடே கருவியின் தனிச்சிறப்பு இங்கேதான் பயன்படுகிறது: கீழே தேங்கியிருக்கும் திரவத்தின் அளவு ஓட்ட நேரத்தைப் பாதிக்காதபடி அது அமைந்திருப்பதால், கருவியைக் காலி செய்யாமலேயே உள்ளே கரைப்பானைச் சேர்த்து நீர்க்கச் செய்யலாம். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. நீர்க்கச் செய்த பிறகு கரைசலைப் பலமுறை மேலே உறிஞ்சி இறக்கிக் குமிழையும் தந்துகியையும் கழுவிவிட வேண்டும்; இல்லையேல் அங்கே பழைய, செறிவான கரைசலே தங்கியிருக்கும்.

இனி அந்தக் கழித்தலுக்கு வருகிறேன். கரைசலின் நேரத்தைக் கரைப்பானின் நேரத்தால் வகுத்தால் சார்பு பாகுநிலை கிடைக்கும். கால் கிராம் கரைசலுக்கு அது 1.206. இதில் அந்த 1 என்பது டொலுயீனின் பங்கு. பாலிமரின் பங்கு 0.206 மட்டுமே. ஆகவே ஒன்றைக் கழித்துவிட்டு, மிஞ்சுவதைச் செறிவால் வகுக்கிறோம். கால் கிராமுக்கு 0.823, அரை கிராமுக்கு 0.877, ஒரு கிராமுக்கு 0.983 கிடைக்கின்றன. செறிவு குறையக் குறைய மதிப்பும் குறைகிறது. ஏனெனில் செறிவான கரைசலில் ஒரு சங்கிலி உண்டாக்கும் ஓட்டக் குலைவு அடுத்த சங்கிலியையும் பாதிக்கிறது. நமக்கு வேண்டியது தனித்து நிற்கும் சங்கிலியின் விளைவு. அதனால் இம்மதிப்புகளைச் செறிவுக்கு எதிரே குறித்து, நேர்கோடு வரைந்து, செறிவு சுழியாகும் இடம் வரை நீட்டுகிறோம். அங்கே கிடைப்பது 0.77. அதுவே உள்ளார்ந்த பாகுநிலை. இதைச் சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு: ஒன்றைக் கழிப்பதற்குப் பதிலாகச் சார்பு பாகுநிலையின் இயல்மடக்கையை எடுத்துச் செறிவால் வகுத்தால், எதிர்த்திசையில் சாயும் இன்னொரு கோடு கிடைக்கும். நல்ல அளவீட்டில் இரண்டு கோடுகளும் சுழிச் செறிவில் ஒரே புள்ளியில் சந்திக்கும். நம் எண்களில் இரண்டும் 0.77-இல் சந்திக்கின்றன. சந்திக்காவிட்டால் அளவீட்டில் ஏதோ கோளாறு என்று பொருள்.

நேயர்களில் சிலருக்கு ஓர் ஐயம் எழலாம். சுழிச் செறிவுதானே வேண்டும், அப்படியானால் மிக மிக நீர்த்த கரைசல் ஒன்றை மட்டும் எடுத்து அளந்துவிடலாமே, நேர்கோடு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 100 மில்லிலிட்டரில் 0.05 கிராம் மட்டும் கரைத்தோம் என்று கொள்வோம். அதன் ஓட்ட நேரம் 124.7 விநாடியாக இருக்கும். டொலுயீனின் 120-ஐக் கழித்தால் மிஞ்சுவது ஐந்து விநாடிக்கும் குறைவு. கைவிரல் நிறுத்துகடிகாரத்தை அழுத்துவதில் 0.2 விநாடி பிசகினால், 125-இல் அது ஒன்றுமில்லை. கழித்த பின் மிஞ்சும் அந்தச் சிறு பகுதியிலோ அது நூற்றுக்கு 4 பங்குக்கு மேல். வெப்பநிலை இன்னும் பொல்லாதது. டொலுயீனின் பாகுநிலை ஒரு பாகைக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 1 வீதம் மாறும். டொலுயீனை அளந்த வேளைக்கும் கரைசலை அளந்த வேளைக்கும் இடையே தொட்டியின் வெப்பம் அரைப் பாகை நகர்ந்திருந்தால், ஒரு கிராம் கரைசலில் அது நூற்றுக்கு 1 பிழை. கால் கிராம் கரைசலில் 3. இந்த மிக நீர்த்த கரைசலில் 13. ஒரே பிசகு, செறிவு குறையக் குறைய இப்படிப் பெருகுகிறது. கழிக்கப்படும் ஒன்று பெரியதாகவும் மிஞ்சுவது சிறியதாகவும் இருக்கும்போதெல்லாம் இதுதான் நேரும்.

மறுபுறம், செறிவை அதிகமாக்கினால் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளத் தொடங்கி, நேர்கோடு மேல்நோக்கி வளைந்துவிடும். வளைந்த கோட்டை நேராக நீட்டினால் விடை தவறும். ஆகவே சார்பு பாகுநிலை ஏறத்தாழ 1.2-க்கும் 2-க்கும் இடையே இருக்கும்படி செறிவுகளைத் தேர்ந்துகொள்வது வழக்கம். நாம் எடுத்த மூன்றும் அந்த எல்லைக்குள் அடங்குவதை நீங்கள் கவனித்திருக்கலாம்.

ஒரு மாணவி ஒருமுறை என்னிடம் தம் குறிப்பேட்டைக் கொண்டுவந்தார். ஒரே கரைசலை மீண்டும் மீண்டும் அளந்திருந்தார். ஒவ்வொரு நேரமும் முந்தியதைவிடச் சற்றே கூடுதலாக இருந்தது. சராசரி எடுத்துவிடலாமா என்று கேட்டார். கூடாது என்றேன். எண்கள் மேலும் கீழுமாகச் சிதறினால் சராசரி எடுக்கலாம். ஒரே திசையில் நகர்ந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைத் தேட வேண்டும். நேரம் ஏறிக்கொண்டே போனால் தந்துகியில் தூசியோ இழையோ படிகிறது, அல்லது கரைப்பான் ஆவியாகிச் செறிவு கூடுகிறது. இறங்கிக்கொண்டே போனால் கரைசல் இன்னும் தொட்டியின் வெப்பத்தை எட்டவில்லை, அல்லது நீர்க்கச் செய்தது சரியாகக் கலக்கவில்லை. நேரம் ஏறியதற்குக் குழாயில் படிந்தது காரணமா, ஆவியானது காரணமா என்று பிரித்தறிய, கருவியைக் கழுவி உலர்த்தி மீண்டும் வெறும் டொலுயீனை அளக்கச் சொன்னேன். முதலில் கழுவும் முன்பே, கரைசலை வடித்துவிட்டு டொலுயீனால் இலேசாக அலசி அளந்தார். 120-ஐவிட நேரம் கூடுதலாகவே இருந்தது. குழாயில்தான் அடைப்பு என்பது உறுதியாயிற்று. கரைசலைத் தாளில் வடிகட்டியிருந்தார். தாளின் இழைகளே உள்ளே சென்றிருந்தன. அதன் பின் நுண்துளைக் கண்ணாடி வடிகட்டி வழியே வடித்தபோது நேரங்கள் நிலைத்து நின்றன. இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு: அந்த இழை உண்டாக்கிய பிசகும் கழித்தலுக்குப் பிறகு பெருகியே நிற்கும்.

இனி 0.77-இலிருந்து மூலக்கூறு எடைக்கு வருவோம். பாலிமர் என்பது உண்மையிலேயே நீண்ட சங்கிலிதான் என்று 1920-இல் வாதிட்ட ஹெர்மன் ஸ்டாடிங்கர், அதற்குச் சான்று தேடிப் பாகுநிலையைக் கையில் எடுத்தார். சங்கிலி இருமடங்கானால் பாகுநிலையின் பங்கும் இருமடங்காகும் என்று அவர் கொண்டார். சங்கிலிகளை விறைப்பான கோல்கள் போல அவர் எண்ணியதே அதற்குக் காரணம். சங்கிலி உண்மையில் சுருள்கிறது. ஆகவே பின்னர் மார்க், ஹவ்விங்க் ஆகியோரின் பெயரால் வழங்கும் சமன்பாட்டில், மூலக்கூறு எடைக்கு ஓர் அடுக்கு சேர்ந்தது: மூலக்கூறு எடையை அந்த அடுக்குக்கு உயர்த்தி, ஒரு மாறிலியால் பெருக்கினால் உள்ளார்ந்த பாகுநிலை கிடைக்கும். டொலுயீனில் 25 பாகையில் பாலிஸ்டைரீனுக்கு அந்த அடுக்கு ஏறத்தாழ 0.69, பெருக்கும் மாறிலி ஏறத்தாழ 0.017. கணக்கிட்டால் நம் மாதிரியின் மூலக்கூறு எடை 2 லட்சத்தை ஒட்டி வருகிறது. ஸ்டாடிங்கரின் விதி பிசகினாலும் சங்கிலி உண்டு என்ற அவருடைய கொள்கை நின்றது. 1953-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே அலகில் கவனம் வேண்டும். நான் சொன்ன மாறிலி, கிராமுக்கு மில்லிலிட்டர் என்ற அலகுக்கு உரியது, ஆகவே 0.77-ஐ 77 என்று மாற்றிய பிறகே கணக்கிட வேண்டும். மாற்றாமல் போட்டால் விடை 800 மடங்கு குறைந்து, 250 என்று வரும். ஒரு ஸ்டைரீன் அலகே 104. இரண்டரை அலகு கொண்ட பிளாஸ்டிக் இருக்க முடியாது என்பதிலிருந்தே தவறு வெளிப்பட்டுவிடும்.

மாறிலியும் அடுக்கும் பாலிமருக்கு மட்டும் உரியவை அல்ல. கரைப்பானுக்கும் வெப்பநிலைக்கும் சேர்த்தே உரியவை. இதே மாதிரியைச் சைக்ளோஹெக்சேனில் 34.5 பாகையில் கரைத்தால் 77-க்குப் பதிலாக 38 அளவில்தான் கிடைக்கும். அந்தக் கரைப்பான் சங்கிலிக்கு அவ்வளவாக உகந்ததல்ல. சங்கிலி தன்னுள்ளேயே சுருங்கிக்கொள்கிறது, அடுக்கும் 0.5 ஆகிறது. சங்கிலி மாறவில்லை, கண்டின் அளவே மாறியது. ஆகவே டொலுயீனில் அளந்துவிட்டு வேறு கரைப்பானின் மாறிலியைப் போடுவது பெரும்பிழை.

நேரம் நெருங்கிவிட்டதாக நிலையத்தார் குறிப்புக் காட்டுகிறார்கள். மூலக்கூறு எடையின் பரவலைப் பற்றிப் பேச எண்ணியிருந்தேன். இரண்டு வாக்கியங்களில் சொல்லி விடுகிறேன். ஒரு மாதிரியில் நீளமும் குட்டையுமான சங்கிலிகள் கலந்தே இருப்பதால், நாம் பெறும் 2 லட்சம் ஒரு சராசரிதான். அது எல்லாச் சங்கிலிகளையும் சமமாக எண்ணும் எண்ணிக்கைச் சராசரியைவிட, கனமான சங்கிலிகளுக்குக் கூடுதல் இடம் தரும் எடைச் சராசரிக்கு நெருங்கியே அமையும். கிளைவிட்ட சங்கிலிகளோ அதே எடைக்குச் சிறிய கண்டாகச் சுருள்வதால், நேர்ச் சங்கிலிக்கு உரிய மாறிலியைப் பயன்படுத்தினால் அவற்றின் மூலக்கூறு எடை உள்ளதைவிடக் குறைவாகவே தெரியும். நன்றி, வணக்கம்.